உள்ளகக் குறிப்பு: பேலியகொடை அரிசி ஒப்பந்தம், விநியோகப் பொறுப்புகள்

பெறுநர்: ஆலை முகாமையாளர், களஞ்சியப் பொறுப்பாளர், போக்குவரத்துப் பொறுப்பாளர் (சம்மாந்துறை ஆலை)
அனுப்புநர்: விற்பனைப் பிரிவு
திகதி: 2025 பெப்ரவரி 24, திங்கள்

கொழும்பு சுப்பர்மார்க்கெட் நிறுவனத்துடனான ஒப்பந்தம் கடந்த 20ஆம் திகதி கைச்சாத்தாகிவிட்டது. விலை, கொடுப்பனவு விபரங்கள் கணக்குப் பிரிவுக்குத் தனியாகப் போகின்றன. ஆலையும் லொறியும் செய்யவேண்டியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாளைய வேலை. நாட்டரிசி, சம்பா இரண்டிலும் 2 கிலோ மாதிரி 27ஆம் திகதிக்குள் அவர்களின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கவேண்டும். 26 சிவராத்திரி விடுமுறை. ஆகவே நாளை மாலைக்குள் மாதிரி ஆலையை விட்டுப் புறப்பட வேண்டும். அவர்களின் எழுத்து அனுமதி வராமல் முதல் லொறியை அனுப்ப முடியாது.

எவ்வளவு, எப்போது. மொத்தம் 240 தொன், 12 வாரம், வாரத்துக்கு 20 தொன். முதல் விநியோகம் மார்ச் 4, பிறகு ஒவ்வொரு செவ்வாயும். ஒரு வாரத்துக்கான பொதி:

நாட்டரிசி 10 கிலோ: 1,000 பை
நாட்டரிசி 5 கிலோ: 800 பை
சம்பா 5 கிலோ: 1,200 பை

முந்திய புதன் நண்பகலுக்குள் அறிவித்தால் இந்தப் பிரிப்பை அவர்கள் 10% வரை கூட்டிக் குறைக்கலாம். 20 தொன் மாறாது. புதன் பிந்தி வரும் மாற்றத்தை ஏற்கும் கடமை எங்களுக்கில்லை. தொலைபேசியில் கேட்டால் என்னிடம் திருப்பிவிடுங்கள்.

எங்கே கையளிப்பது. நீங்கள் மிகவும் கவனிக்கவேண்டியது இதுதான். முன்பு கொழும்பு வியாபாரிகளின் லொறி எங்கள் முற்றத்துக்கு வந்து ஏற்றும், வாசலைத் தாண்டினால் பொறுப்பு அவர்களுடையது. இந்த ஒப்பந்தம் அப்படியில்லை. பேலியகொடைக் களஞ்சியத்தில் காலை 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் இறக்கி, அவர்கள் கையேற்புச் சீட்டில் ஒப்பமிடும்வரை அரிசி எங்களுடையது. வழியில் மழையில் நனைந்தாலும், பை கிழிந்தாலும், லொறி பழுதானாலும் நட்டம் எங்களுக்கே. இரண்டு லொறிக்கும் ஓட்டையில்லாத தார்ப்பாய் வாங்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

ஈரப்பதனை அளப்பதும் அங்கேதான், அவர்களின் கருவியில். உச்சம் 14%. குறுணல் 5%க்கு மேல் போகக்கூடாது, கல் ஒன்றும் இருக்கக்கூடாது. லொறிக்கு 20 பை பிரித்துப் பார்ப்பார்கள். தவறினால் அந்த லொறியிலுள்ள அந்த வகை முழுவதும் திரும்பும், கூலி எங்கள் தலையில். இப்போது வருவது பெரும்போக அறுவடை நெல், வயலிலிருந்து ஈரத்தோடு நேரே வருகிறது. எங்கள் கருவியில் 14 காட்டினால் போதும் என்று நிற்காமல் 13க்கு உலர்த்துங்கள் என்பது என் வேண்டுகோள். அது ஒப்பந்த நிபந்தனையல்ல.

பிந்தினால். நாளுக்கு அந்த லொறிப் பெறுமதியில் 1%, உச்சம் 10%. தொடர்ந்து இரண்டு வாரம் தவறினால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. வெள்ளத்தால் அதிகாரிகள் பாதையை மூடினால் விலக்குண்டு, ஆனால் 12 மணித்தியாலத்துக்குள் படத்துடன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மாவடிப்பள்ளியிலோ மன்னம்பிட்டியிலோ லொறி நின்றால் சாரதி முதலில் படமெடுத்து எனக்கு அனுப்பட்டும். லொறிப் பழுது, ஆள் பற்றாக்குறை, நெல் கிடைக்காமை எதற்கும் விலக்கில்லை.

விடுமுறைகள். புத்தாண்டு வார விநியோகம் ஏப்ரல் 17க்கும், வெசாக் வார விநியோகம் மே 14க்கும் மாற்றப்பட்டு இணைப்பிலேயே உள்ளன. நோன்புப் பெருநாள் அதில் இல்லை. ஏப்ரல் 1 காலை இறக்கவேண்டுமென்றால் மார்ச் 31, பெருநாளன்றே, ஏற்றவேண்டும். எந்த நாட்டாமை வருவார்? ஏழு நாள் முன்னறிவித்தலுடன் மூன்று நாள் வரை முற்படுத்த ஒப்பந்தம் இடம் தருகிறது, பிற்படுத்த இல்லை. 28 வெள்ளி ஜும்ஆவுக்கு முன் ஏற்றி, 29 சனி காலை இறக்கலாம் என நினைக்கிறேன். அப்படியானால் அந்த வாரம் இரண்டு விநியோகத்துக்கான இருப்பு வேண்டும். முடியுமா என்று மார்ச் 17க்குள் சொல்லுங்கள், கடிதத்தை நான் அனுப்புகிறேன். நோன்பு நாட்களில் ஏற்றும் வேலையைப் பின்னேரத்துக்கு விடாமல் காலையிலேயே முடிப்பது நல்லது.

பைகளும் காகிதங்களும். அச்சிட்ட வெறும் பைகளை அவர்களே தருவார்கள்; 2%க்கு மேல் சேதமானால் நாங்கள் விலை கட்டவேண்டும். எண்ணி, ஒப்பமிட்டு, பூட்டி வையுங்கள். தொகுதி இலக்கம், பொதிசெய்த திகதி, சில்லறை விலை மூன்றையும் நாங்களே பதிக்கவேண்டும்.

ஒப்பமிட்ட கையேற்புச் சீட்டின் மூலப்பிரதியைச் சாரதி கொண்டுவந்தே ஆகவேண்டும். 30 நாள் கொடுப்பனவுத் தவணை அதன் திகதியிலிருந்துதான் ஓடும், பிரதியை ஏற்கமாட்டார்கள்.

விற்காத பைகளைத் திருப்பி எடுக்கும்படி பேச்சுவார்த்தையில் கேட்டார்கள், நாங்கள் இணங்கவில்லை, ஒப்பந்தத்திலும் இல்லை. களஞ்சியத்தில் யாராவது திரும்பும் லொறியில் பழைய பைகளை ஏற்றப் பார்த்தால் சாரதி மறுக்கலாம்.

ஒப்பந்தத்தின் ஒப்பமிட்ட பிரதி ஆலை அலுவலகத்தில் பச்சைக் கோப்பில் உள்ளது. நாளை காலை 9.30க்கு ஆலையில் சந்திப்போம். உலர்த்தியின் நாளாந்தக் கொள்ளளவையும் இரண்டு லொறிகளின் பழுதுபார்ப்புத் திகதிகளையும் கையில் வைத்திருங்கள்.