கல், கோட்டை, ஆறு: வட ஆற்காடு காட்சிக்கூடத்தின் தமிழ்ப் பலகைகள்

நுழைவாயில் பலகை

வணக்கம். இந்தக் கூடத்தின் ஆங்கிலப் பலகைகளுக்குப் பக்கத்தில் இப்போது தமிழும் வந்திருக்கிறது. ஒரு பலகைக்குச் சில வரிகள்தான் இடம். அதனால் அதிகாரிகளின் நீண்ட பட்டங்களை விட்டுவிட்டோம். ஆளின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை விடவில்லை.

1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கும்பெனியாரை எதிர்த்து எழுந்ததை ஆங்கிலப் பலகை 'ம்யூட்டினி' என்கிறது. 'கலகம்' என்று எழுதினால் அது கும்பெனியாரின் பார்வையாகிவிடும். வேலூரில் 'சிப்பாய் புரட்சி' என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே எழுதியிருக்கிறோம்.

'வட ஆற்காடு' என்று இங்கே சொல்வது 1989-க்கு முந்தைய பழைய மாவட்டத்தை. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் அதில் அடங்கியிருந்தன.

படம் எடுக்கலாம். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

1. நடுகல் (அச்சுப் பிரதி)
எடுத்தனூர், செங்கம் வட்டம். 7-ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலம்.

எருமை மந்தையைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவருக்கு எடுத்த கல். வீரனின் காலுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கொஞ்சம் குனிந்தால் தெரியும். அதன் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதாக அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பல்லவ அரசன் பெயர் பொறித்த அதே கல்லில் ஒரு நாயின் பெயரும் இருக்கிறது. இந்தக் கூடத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

படம் 1. மேல்பாடி, சோழேச்சரம். ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக முதலாம் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில். அரிஞ்சிகை ஈசுவரம் என்பது பழைய பெயர். ஊர் பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது.

2. வேலூர்க் கோட்டை (மர மாதிரி)
16-ஆம் நூற்றாண்டு. கட்டியவர் சின்ன பொம்மு நாயக்கர். பரப்பு 133 ஏக்கர்.

கருங்கல் மதில், வெளியே அகழி. விஜயநகரத்தாருக்குப் பின் பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், ஆற்காடு நவாப், கடைசியில் கும்பெனியார் என்று கை மாறியது. உள்ளே கோயில், மசூதி, சர்ச் மூன்றும் உண்டு. மாதிரியில் சிவப்புப் புள்ளி வைத்த கட்டடங்கள் மகால்கள். திப்புவின் குடும்பத்தையும் கண்டி அரசரையும் காவலில் வைத்திருந்தது அங்கேதான்.

படம் 2. சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண். முன்கால் தூக்கிய குதிரை, அதன்மேல் வீரன், அடியில் வேட்டைக் காட்சி. குதிரையின் வாய்க்கடிவாளத்தைப் பாருங்கள். உளி நுழையவே இடமில்லாத சந்தில் கல்லைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள்.

படம் 3. அதே மண்டபத்தின் விதானம். தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். கோயில் பல தலைமுறைகள் பூசையின்றி இருந்தது. இடையில் ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்டது. 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து மீண்டும் வைத்தார்கள்.

3. வட்டத் தொப்பி (பின்னாளில் செய்த மாதிரி)
தோலும் துணியும்.

1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உடை விதி வந்தது. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, மீசையைக் குறைக்க வேண்டும், தலைப்பாகைக்குப் பதில் இந்தத் தொப்பி. அதில் தோல் சின்னம் இருந்தது. இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்தே மறுத்தார்கள். 1806 மே மாதத்தில் மறுத்தவர்களில் இருவருக்கு 90 கசையடி கொடுத்துப் படையை விட்டு நீக்கினார்கள்.

4. சிப்பாய் புரட்சி, 10 ஜூலை 1806 (சுவர்ப் பலகை, பெரியது)

கோட்டைக்குள் அன்று 69-ஆம் வெள்ளைக்காரப் படையும், சென்னைக் காலாட்படையின் சிப்பாய்களும் இருந்தார்கள். முந்தைய நாள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். விடியுமுன் சிப்பாய்கள் படைவீட்டைச் சுட்டார்கள். கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் இறந்தார். மைசூரின் கொடி மேலே ஏறியது.

செய்தி ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடும் பீரங்கிகளோடும் காலையிலேயே வந்து சேர்ந்தார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

69-ஆம் படையில் 115 பேர், சிப்பாய்ப் படைகளின் வெள்ளை அதிகாரிகள் 14 பேர் இறந்தார்கள். சிப்பாய்களில் இறந்தவர்கள் சுமார் 350 என்பது பொதுவான கணக்கு. மகாலுக்குள் ஒதுங்கியிருந்த நூறு பேர் அளவில் வெளியே இழுத்துச் சுவரோரம் நிற்கவைத்துச் சுடப்பட்டார்கள். விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள்.

மூன்று சிப்பாய்ப் படைகள் கலைக்கப்பட்டன. புதிய உடை விதியும் கைவிடப்பட்டது. கவர்னர் வில்லியம் பெண்டிங்க், தளபதி க்ராடக் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1857-க்கு இன்னும் 51 ஆண்டுகள் இருந்தன.

ஆங்கிலப் பலகையில் சிப்பாய்களின் சாவு கடைசி வரியில் இருந்தது. தமிழில் ஒரே பத்தியில், ஒரே அளவு எழுத்தில் சேர்த்திருக்கிறோம்.

படம் 4. மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத்தூண். கோட்டையிலிருந்து நடந்தே போகலாம்.

5. கண்டியின் கடைசி அரசர்
ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1798-இல் பட்டமேறினார், 1815-இல் பிடிபட்டார், 1816-இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். 1832 ஜனவரி 30-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவர் நினைவிடம். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் வழி கேட்டால், தயவுசெய்து காட்டுங்கள்.

படம் 5. வாலாஜா ரோடு நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து இங்கே வந்தது.

6. மருந்துப் பெட்டி
மரம், தகர மூடி.

ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வாரம் ஒருமுறை குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். அப்படிச் சாலையோரம் கொண்டுபோகிற வகைப் பெட்டி இது. மூடியின் உள்பக்கம் மருந்துக் கறை இன்னும் இருக்கிறது.

7. பாலாறு (வரைபடம்)
நீளம் 348 கி.மீ. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடி வங்கக்கடலில் சேர்கிறது. பெரும்பாலான நாட்களில் மேலே மணல்தான். தண்ணீர் அடியில் போகும். மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டித்தான் கரை ஊர்கள் நெல் விளைவித்தன. அடர்நீலக் கோடு ஆறு, விட்டுவிட்டு வரும் கோடு ஊற்றுக்கால்.

8. ஆவாரம்பட்டை, கடுக்காய்
தொட்டுப் பார்க்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் முன்பு இவற்றை ஊறவைத்த தண்ணீரில்தான் தோலைப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது. 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று இந்தப் பகுதியின் வழக்கில்தான் தீர்ப்பளித்தது. அப்போது தோல் தொழிலை நம்பிப் பல ஆயிரம் குடும்பங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

படம் 6. தோல் ஷாப்பு ஒன்றின் முற்றம், நண்பகல். பதினொரு ஆண்கள், இரண்டு பெண்கள், தொட்டி ஓரம் ஒரு சிறுவன். இடது கோடியில் இருப்பவர் கையில் உள்ளது தோல் சீவும் வளைகத்தி. படத்தைத் தந்த குடும்பத்துக்கு இருவரை மட்டும் தெரிந்தது: பின்வரிசையில் துண்டோடு நிற்பவர் காசிம் பாய், அவருக்கு வலப்பக்கம் முனுசாமி. மற்றவர்களில் யாரையாவது உங்களுக்கு அடையாளம் தெரிந்தால், வாசலில் உள்ள நோட்டில் பெயரும் ஊரும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். அடுத்த முறை அச்சிடும்போது சேர்த்துவிடுவோம்.