வரத்துக்கால்

ஆய்வேடு மொத்தம் 96 பக்கம். அதில் 95 பக்கம் தயாராகி ரொம்ப நாளாகிறது. பாக்கி இருந்தது முதல் பக்கம், அதிலும் முதல் பத்தி மட்டும். நெறியாளர் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, ‘கண்மாயின் வரத்துக்கால் ஆக்கிரமிக்கப்பட்டது’ என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: யார்?

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மூன்று பிரதி பைண்டிங் போட்டுத் துறையில் கொடுக்க வேண்டும். பாண்டிச்செல்வி ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள். பத்தரைக்குள் முடித்துவிட்டுத் தூங்கலாம் என்பது திட்டம்.

முதலில் சங்கப் பாட்டில் ஆரம்பித்தாள். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன அறிவுரை, நீரையும் நிலத்தையும் சேர்த்து வைத்தவனே உடம்பையும் உயிரையும் படைத்தவன் என்பது. எழுதும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.

“இது எங்க அண்ணன் ஆய்வேட்டுலயும் இருந்துச்சு” என்றாள் பின்னால் வந்து நின்ற ஜெனிஃபர். “ஏரி, குளம்னு எவன் எழுதினாலும் அந்தப் பாட்டுலதான் ஆரம்பிக்கிறான்.”

“நல்லா இருந்தா எல்லாரும் போடத்தானடி செய்வாங்க.”

“போடு, போடு. மேடம் என்ன கேட்டாங்களோ அதுக்கு அந்தப் புலவர் வந்து பதில் சொல்வாரா?”

அழித்தாள்.

அடுத்தது புள்ளிவிவரம். ‘தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருந்துவந்துள்ளன.’ எல்லாம் சரி. ஆனால் 39,000 கண்மாய்க்கு நடுவில் அவள் ஊர்க் கண்மாய் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு கண்மாயைப் பற்றித்தான் ஆய்வேடு. திருமங்கலம் பக்கத்து மானாவாரிக் கண்மாய், பெரியாறு தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மேற்கே கரட்டில் பெய்கிற மழை ஓடையில் இறங்கி, வரத்துக்கால் வழியாக வந்து சேர வேண்டும். இரண்டு மடை, ஒரு கலுங்கு. மறுகால் பாய்ந்தால் கீழூர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும்.

இந்த விவரமெல்லாம் இரண்டாம் இயலில் விரிவாக இருக்கிறது. அங்கே எழுதும்போது கை நின்றதே இல்லை. நீர்ப்பாய்ச்சி எப்படி மடை திறப்பார், அவருக்கு அறுவடையில் எத்தனை கட்டுக் கதிர், கரையில் நண்டு வளை விழுந்தால் முதலில் யாருக்குச் சொல்வது என்று பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. முதல் பத்தி மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பன்னிரண்டு மணிக்கு வராண்டா விளக்கை அணைத்தார்கள். ஜெனிஃபர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு படுத்தாள். ஏப்ரல் மாத மதுரைக்குப் போர்வை எதற்கு என்றால், அது கொசுவுக்கு.

மூன்றாவது, வெள்ளைக்காரன். ஊர் கூடிச் செய்துகொண்டிருந்த குடிமராமத்து காலனி ஆட்சியில் தேய்ந்தது, அதோடு கண்மாய்களும் தேய்ந்தன. இந்தப் பத்தி நன்றாகவே வந்தது. அவளுக்கே பிடித்துப்போய் மூன்று தடவை படித்தாள். ‘யார்?’ என்ற கேள்விக்கு இதில் பதிலும் இருக்கிறது. வெள்ளைக்காரனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், அவன் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. ஆனால் கடைசி இயல் முழுக்க அவள் சொல்வது வேறு. வரத்துக்காலில் வீடுகள் எழும்பியது சமீபத்துக் கதை. சர்க்கார் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் போட்டது 2007-இல், குடிமராமத்தை மறுபடி தூசி தட்டி எடுத்தது 2017-இல். கரையைப் பலப்படுத்தினார்கள், உள்ளே வண்டல் அள்ளினார்கள். தண்ணீர் வருகிற வழியை யாரும் தொடவில்லை.

நான்காவது பத்தியில் அரசியல்வாதிகள், ரியல் எஸ்டேட்காரர்கள், பெயர் தெரியாத பேராசைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்த ஜெனிஃபர் எட்டிப் பார்த்துவிட்டு, “பேப்பர்ல வர்ற மர்ம நபர்கள் மாதிரி இருக்குடி” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த ஊரில் ரியல் எஸ்டேட்காரன் கால் வைத்ததே கிடையாது.

சரி, ஆதாரத்திலிருந்தே ஆரம்பிப்போம் என்று பின்னிணைப்பைத் திறந்தாள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நகல் எடுத்த புல வரைபடம், ‘அ’ பதிவேட்டுப் பக்கம், அவளே தெருவில் நடந்து எடுத்த பட்டியல். பதிவேட்டில் அந்த இடம் இன்றைக்கும் ஓடை புறம்போக்குதான். பட்டியலில் 42 கட்டடம். கதவு எண், கட்டிய வருடம், ஓடா காரையா, மின் இணைப்பு உண்டா, ஆக்கிரமிப்புக்கு அபராதம் கட்டச் சொல்லும் பி மெமோ வந்ததா என்று வரிசையாக நிரப்பியிருந்தாள். யார் என்றால் இவர்கள்தான். இருளாயி அத்தை, சலூன் கடை மாமா, சத்துணவு ஆயா. இவர்கள் பேரை முதல் பத்தியில் எப்படி எழுதுவது? ‘வீட்டுமனை இல்லாத ஏழை மக்கள்’ என்று எழுதிப் பார்த்தாள். ஏழை மக்கள் என்றதும் அது மேடைப் பேச்சாகிவிட்டது.

பட்டியலின் முதல் வரி, கதவு எண் 2.

அன்றைக்கு நோட்டும் பேனாவுமாகத் தன் வீட்டு வாசல்படியில் நின்றபடிதான் எண்ண ஆரம்பித்தாள். வலது பக்கம் முதல் வீடு, அடுத்த வீடு என்று கிழக்கே கண்மாய்க்கரை வரைக்கும் போனாள். தனக்குப் பின்னால் இருந்த வீட்டை எண்ணவில்லை.

தெரியாமல் விட்டதா? புல வரைபடத்தை அவள்தான் ஸ்கேன் செய்தாள். ஓடையின் இரட்டைக் கோடு எந்த இடத்தில் தெருவுக்குள் நுழைகிறது என்பது பார்த்தவுடன் தெரியும்.

மணி மூன்றரை. பூப் பறித்து, எடை கட்டி, அப்பா லோடு ஆட்டோவில் மாட்டுத்தாவணிக்குக் கிளம்பியிருப்பார். கூப்பிட்டாள்.

“என்னத்தா இந்நேரத்துல? உடம்புக்கு எதுவும் சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. படிச்சிட்டிருக்கேன். பூ எவ்வளவு?”

“பதினாலு கிலோ இருக்கும். சீசன்ல, அடிமாட்டு விலைதான். அதைக் கேக்கவா கூப்பிட்ட?”

“நம்ம வீடு எப்பப்பா கட்டினது?”

“தொண்ணூத்தெட்டு. நீ பொறக்கிறதுக்கு முன்னாடி.”

“அப்ப அங்க ஓடை இருந்துச்சா?”

ஆட்டோ இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தாள். டிரைவரிடம் ஓரமாக நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இருந்துச்சு. ஆனா தண்ணி எங்க வந்துச்சு? 93-ல பேஞ்ச மழைக்கு வந்ததுதான். அப்புறம் அஞ்சு வருசம் கருவேலஞ்செடிதான் நின்னுச்சு. ஒங்க தாத்தா வீடு நாலு பங்காளிக்கு எப்படிக் காணும்? அதான் பத்து டிராக்டர் மண்ணை அடிச்சு மேவிட்டு, ஓட்டு வீடு ஒண்ணைப் போட்டோம்.”

“மத்தவங்கள்லாம்?”

“நம்மளப் பாத்துட்டுத்தான் வந்தாங்க. மேலக்கோடி நாம. நாம மேவினதுக்கு அப்புறம் கீழ இருக்கிறது ஓடையா என்ன, வெறும் பள்ளம். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் மேவிக்கிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எதுக்குக் கேக்கிற? அதை எழுதப்போறியா?”

“எழுதலாம்னு.”

“எழுது. பி மெமோதான் வருசா வருசம் குடுக்கிறான், கட்டிக்கிட்டுத்தான இருக்கோம். இதுல என்ன ரகசியம். ஆனா ஒண்ணு, எங்கள மட்டும் எழுதாத. ரேசன் கடையும் அந்த ஓடையிலதான் நிக்குது. அதைக் கட்டினது யாரு, நானா?”

“அது என் பட்டியல்ல இருக்குப்பா. பதினேழாவது.”

“சரி, சரி. பூ வாடுது, வைக்கிறேன். ஏதாவது சாப்பிட்டுப் படு.”

அவர் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் மழுப்பியிருந்தால், தானும் மழுப்புவதற்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

ஐந்து மணிவாக்கில் பத்தி இப்படி இருந்தது:

‘இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட கண்மாய்க்கு மேற்கிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்காலில் இன்று ஒரு ரேஷன் கடை உட்பட 43 கட்டடங்கள் உள்ளன. அவற்றில் முதலாவது 1998-இல் வரத்துக்காலின் மேல்முனையில் மண் அடித்து மேவிக் கட்டப்பட்ட ஒரு வீடு. கட்டியவர் ஆய்வாளரின் தந்தை. அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் அந்தக் காலில் தண்ணீர் வரவில்லை. அதற்குப் பின் பெய்த மழையில் தண்ணீர் வந்திருக்குமா என்பதை அறிய வழி இல்லாமல் போனது. தண்ணீர் வராததால் வீடுகள் வந்தனவா, வீடுகள் வந்ததால் தண்ணீர் நின்றதா என்ற கேள்வியை ஊரின் வாய்மொழித் தரவுகளையும் வருவாய் ஆவணங்களையும் கொண்டு இந்த ஆய்வு ஆராய்கிறது.’

‘ஆய்வாளரின் தந்தை’ என்பதை ‘உள்ளூர் விவசாயி ஒருவர்’ என்று மாற்றினாள். பழையபடி ஆக்கினாள். மறுபடி மாற்றினாள். அதற்குள் ஜெனிஃபரின் அலாரம் அடித்தது. பக்கத்தில் வந்து பார்த்தவளிடம் எதுவும் சொல்லாமல் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ஜெனிஃபர் பல் துலக்கிக்கொண்டே படித்தாள். “உள்ளூர் விவசாயின்னா நாலாவது பத்தில வந்த மர்ம நபர்தான்” என்று நுரையோடு சொன்னாள்.

பழையபடி ஆக்கி, கோப்பை மூடினாள்.

ஜெராக்ஸ் கடை எட்டு மணிக்குத் திறந்தது. அங்கே வழக்கம்போல எழுத்துரு தகராறு. அவளுடைய கணினியில் யூனிகோடில் ஒழுங்காகத் தெரிந்த பக்கமெல்லாம் கடைக் கணினியில் இடம் மாறி 98 பக்கமாக ஓடியது. பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கடைக்கார அண்ணன் ஒரு பாடம் நடத்தினார். எல்லாம் சரியாகி, மூன்று பிரதியும் ஸ்பைரல் போட்டு முடிக்கும்போது பத்தேகால்.

மேடம் முதல் பத்தியைப் படித்தார். மறுபடியும் ஒரு தரம் படித்தார். ஏதாவது சொல்வார் என்று செல்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் பிரதியைக் கடைசியிலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

“முதல் பக்கத்துல 43. பின்னிணைப்புல 42. எதும்மா சரி?”

செல்விக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “43 மேடம். அது... எங்க வீடு விட்டுப்போச்சு.”

“வரிசையில எங்க வரணும்?”

“முதல்ல மேடம்.”

“அப்படின்னா வரிசை எண் எல்லாமே மாறும். கடைசி இயல்ல விழுக்காடு போட்டிருக்கீங்க, அதுவும் மாறும். கதவு எண் 1, கட்டிய வருஷம், பி மெமோ எல்லாம் மத்த வீட்டுக்குப் போட்ட மாதிரியே போடுங்க.” கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொண்ணுன்னு சொன்னது உங்களையெல்லாம் விரட்டத்தான். ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் வாங்கும்.”

மூன்று பிரதியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கி ஓடினாள். கடையில் கூட்டம் சேர்ந்திருந்தது.

“அண்ணே, இதைப் பிரிக்கணும்.”

“இப்பத்தானம்மா போட்டேன்!”

“ஏழு பக்கம் மாறுது.”

“பிரிச்சா கம்பி வளைஞ்சிரும், அதையே திருப்பி மாட்ட முடியாது. மூணுக்கும் புதுசாத்தான் போடணும். காசு தனி.”

“போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, பின்னிணைப்பைத் திறந்து பட்டியலின் மேலே ஒரு வரியைச் சேர்த்தாள்.