தயிர் விலை பற்றி அண்ணனுக்கு

கல்லடி, மட்டக்களப்பு
2025.07.06

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றுக் காலை மருமகன் சட்டிகளை இறக்கிவிட்டு நீங்கள் எழுதிய துண்டைத் தந்தார். அடுத்த வாரத்தில் இருந்து ஒரு லீற்றர் சட்டி 400 ரூபாய்க்குப் பதிலாக 460 என்று எழுதியிருந்தீர்கள். போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போன் பட்டிப் பக்கம் போனால் பாதிதான் கேட்கும், காசுக் கதையில் பாதி கேட்டு விளங்கினால் மனஸ்தாபம்தான் வரும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மச்சாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் அண்ணன். இப்போதைக்கு என்னால் 460 தர முடியாது. ஒக்டோபர் முடியும்வரை 400இலேயே நிற்க வேண்டும் என்று கேட்கிறேன். ஆனால் உங்களுக்குச் செலவு கூடியிருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தச் செலவை வேறு வழியில் எப்படி இறக்கலாம் என்று இரவு கணக்குக் கொப்பியோடு இருந்து பார்த்தேன். அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

உங்களுக்குக் கூடியது என்ன? பால் கொடுப்பவர்கள் லீற்றருக்கு 20 ரூபாய் கூடக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கச்சான் காற்று வீசி புல் கருகிக் கிடக்கிற நேரம் அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் எனக்கு வருகிற 80 லீற்றரில் பாதி உங்கள் சொந்த எருமைகளின் பால். வெளியில் வாங்குவது 40 லீற்றர். அதற்கு 20 ரூபாய்ப்படி நாளுக்கு 800. சட்டி 65இல் இருந்து 70 ஆகிவிட்டது என்றீர்கள், 80 சட்டிக்கு 400. டீசல் இந்த மாதத் தொடக்கத்தில் 15 ரூபாயால் கூடி 289 ஆகிவிட்டது. சித்தாண்டியில் இருந்து இங்கே வந்து திரும்ப நாலு லீற்றர் என்று வைத்தாலும் 60 ரூபாய். சட்டிக்குப் பிரித்தால் 75 சதம். எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,260 ரூபாய். 60 ரூபாய்ப்படி 80 சட்டிக்கு நீங்கள் கேட்பது 4,800. சொந்த மாடுகளுக்கும் புண்ணாக்கு, மருந்து, பட்டிக்காரப் பொடியன்களின் கூலி என்று செலவு இருக்கிறது, அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவை தைமாதம் இருந்த அளவில்தான் இருக்கின்றன என்று போன கிழமை நீங்களே சொன்னீர்கள். நான் எங்காவது பிழையாகக் கூட்டியிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இனி என் பக்கம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? 60 சட்டியைக் கடையில் 480க்கு விற்கிறேன், 20 சட்டியைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு 420க்குக் கொடுக்கிறேன். இந்தக் கச்சானில் ஒவ்வொரு நாளும் நாலைந்து சட்டி பின்னேரத்துக்குள் புளித்துவிடுகிறது. நேற்றும் நாலு மணிக்கு ஒரு சட்டியின் கடதாசியை எடுத்துப் பார்த்தேன். ஆடை விலகி, ஓரமெல்லாம் தண்ணீர் விட்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் பல் கூசியது. அதை மோராக்கி விற்றேன், வாங்கிய காசில் பாதிதான் வந்தது. அதற்காக உங்கள் கணக்கில் ஒரு நாளும் ஒரு சதம் கழித்ததில்லை, இனியும் கழிக்க மாட்டேன். எல்லாம் போக நாளுக்கு 3,800 வரை மிஞ்சும். கடையில் நிற்கிற பிள்ளைக்கு 1,500 போனால் மிச்சத்தில்தான் வாடகையும் கரண்ட் பில்லும். கரண்டும் போன மாதம் நூற்றுக்கு 15 கூட்டிவிட்டார்கள், குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தவும் முடியாது.

விலையைக் கூட்டி விற்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பொங்கலுக்குப் பிறகு 460ஐ 480 ஆக்கினேன், நினைவிருக்கிறதா? 20 ரூபாய்தான். நாளுக்கு 95 சட்டி போன இடத்தில் 80 ஆகிவிட்டது, உங்களிடம் எடுப்பதையும் நான் குறைக்க வேண்டி வந்தது. இனி 540 என்று பலகையில் எழுதினால் சனம் பிளாஸ்டிக் கோப்பைத் தயிருக்குப் போய்விடும். அப்போது விலை கூடியும் எனக்கும் மிஞ்சாது, உங்களுக்கும் மிஞ்சாது. பின்னேரம் பாலத்தடிக்குக் காற்று வாங்க வந்துவிட்டு ஒரு சட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆட்களை வைத்துத்தான் நம் இரண்டு பேர் வியாபாரமும் ஓடுகிறது.

சரி, அந்த 1,260க்கு வருகிறேன்.

சாப்பாட்டுக் கடைக்குப் போகிற 20 சட்டியை அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பெரிய பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டு சட்டியைக் கொல்லைப்புறம் எறிகிறார்கள். போன கிழமை ஒரு கடையின் பின்பக்கம் போனபோது உங்கள் சட்டிகள் ஓடும் துண்டுமாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்து மனம் கேட்கவில்லை. 70 ரூபாய் கொடுத்து வாங்கி, கழுவிக் காயவைத்து, வைக்கோல் வைத்து ஏற்றி அனுப்புகிற சட்டி அது. இனி அந்த 20 லீற்றரையும் மூடி போட்ட இரண்டு வாளியில் உறைய வைத்து அனுப்புங்கள். வாளியை நான் வாங்கித் தருகிறேன், நாலு வாங்கினால் மாறி மாறிப் போய்வரும். சட்டி இல்லையென்றால் அவர்கள் 390க்கு மேல் தர மாட்டார்கள், அதனால் வாளித் தயிரை நான் லீற்றர் 370க்கு எடுக்கிறேன். விலையில் 30 குறைந்தாலும் சட்டிக் காசு 70 உங்களுக்கு மிச்சம். நாளுக்கு 800 ரூபாய் கையில் நிற்கும்.

அடுத்தது காசு. இப்போது 15 நாளுக்கு ஒருதடவை கணக்கு முடிக்கிறேன். அதுவரை பால்காரருக்குக் கொடுக்க நீங்கள் நாலு வட்டிக்குக் காசு எடுக்கிறீர்கள் என்று மச்சாள் ஒருநாள் சொன்னார். அதைக் கேட்ட நாளே நான் மாற்றியிருக்க வேண்டும், அது என் பிழைதான். நாளுக்கு 32,000 ரூபாய்த் தயிர். சராசரியாக இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் எப்போதும் என்னிடம் தங்கிக் கிடக்கிறது. அதற்கு மாத வட்டி மட்டும் 9,600, நாளுக்கு 320. இனி முதல் நாள் தயிருக்கான காசை அடுத்த நாள் காலை மருமகன் கையில் எண்ணிக் கொடுத்துவிடுகிறேன். பழைய பாக்கியை 15ஆம் திகதி முழுவதும் தீர்த்துவிடுவேன்.

800உம் 320உம் 1,120. மிச்சம் 140 ரூபாய். அதை ஒக்டோபர் வரை நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். 2022இல் டீசல் 460 வரை போனபோது அந்த வருடத்தில் மூன்று தடவை விலை கேட்டீர்கள். மூன்று தடவையும் மறுபேச்சில்லாமல் கூட்டித் தந்தேன், ஏனென்றால் அப்போது வேறு வழி இருக்கவில்லை. பிறகு டீசல் இறங்கியபோது குறைக்கச் சொல்லி நான் வந்து நிற்கவில்லை.

இன்னொன்றையும் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக்கூடாது. போன மாதம் ஒருவர் வந்து சட்டி 370க்குத் தருகிறேன் என்றார். மாதிரிக்கு ஒரு சட்டியும் வைத்துவிட்டுப் போனார். கரண்டியை விட்டதும் கஞ்சி போல ஓடியது. உங்கள் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் தயிர் அசையாது, மேலே அந்த மஞ்சள் ஆடை தடிப்பாக நிற்கும். வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டேன். இதைச் சொல்லி உங்களிடம் விலை குறைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு பயம்தான்: விலை கட்டவில்லை என்று பாலில் கை வைத்துவிடாதீர்கள். அந்த நிலை வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், இரண்டு பேரும் இருந்து பேசுவோம்.

ஒக்டோபரை ஏன் சொல்கிறேன் என்றால், பெரும்போக விதைப்புத் தொடங்கினால் வயல் பக்கம் மாடு விட முடியாது, நீங்கள் பட்டியை மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பால் குறையும், பொடியன்களின் செலவு கூடும். அந்த மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் நீங்களும் மற்றப் பண்ணையாளர்களும் 2023இல் இருந்து நடத்திய போராட்டத்தை நான் வந்து பார்த்தவள். அங்கே என்ன பாடு என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒக்டோபர் கடைசிக் கிழமை நானே சித்தாண்டிக்கு வருகிறேன். பால்காரர்களுக்கு நீங்கள் கொடுக்கிற விலையைப் பார்ப்போம். இன்றைய விலையை விட எவ்வளவு கூடியிருக்கிறதோ அதில் பாதியை நான் ஏற்கிறேன். இதை எழுத்திலேயே தருகிறேன், இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மாமாங்கத் திருவிழா வருகிறது. ஆடி அமாவாசை 24ஆம் திகதி. தீர்த்தத்தன்றும் அதற்கு முந்திய இரண்டு நாளும் 150 சட்டிப்படி எனக்கு வேண்டும். அமிர்தகழிக் கோயிலுக்குப் போய்வருகிற சனத்தில் கொஞ்சமாவது இந்த வழியால் வரும். சட்டியை முன்கூட்டியே சொல்லிவைக்க 50,000 ரூபாயை இந்தக் கடிதத்தோடு மருமகனிடம் கொடுத்திருக்கிறேன். வட்டி கிட்டி ஒன்றும் இல்லை, அந்த மூன்று நாள் கணக்கில் கழித்துக்கொள்வோம். நீங்கள் என் பதிலுக்கு ஓம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இந்தக் காசு உங்களுக்குத்தான்.

ஒரு சின்ன வேண்டுகோள். வாகனம் இப்போது எட்டு மணிக்கு வருகிறது. கச்சான் முடியும்வரை ஐந்தரைக்கு வந்தால் வெயிலுக்கு முன் உள்ளே ஏற்றிவிடலாம், புளிப்பும் குறையும். மருமகனுக்கு நித்திரை கெடும்தான். தேத்தண்ணியும் இடியப்பமும் சொதியும் நான் வைத்திருப்பேன் என்று சொல்லுங்கள்.

2011ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்தில் றோட்டெல்லாம் தண்ணீர் நிற்க, இடுப்பளவு தண்ணீரில் பன்னிரண்டு சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். புதுக்கடை, யாரும் கடன் தர மாட்டார்கள், அந்தப் பன்னிரண்டு சட்டிக்கு நீங்கள் காசு கேட்கவில்லை. இன்றைக்கு இல்லை என்று எழுதுகிறபோது அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதனால்தான் இரண்டு வரியில் முடிக்காமல் இவ்வளவு எழுதினேன்.

வியாழக்கிழமை மருமகனிடம் பதில் சொல்லி அனுப்புங்கள். வாளியை வெள்ளிக்கிழமை வாங்கிவைக்கிறேன், பத்து லீற்றரா பன்னிரண்டா என்று மட்டும் சொன்னால் போதும். மச்சாளின் முழங்கால் வலிக்குச் சொன்ன எண்ணெயையும் ஒரு போத்தல் கொடுத்துவிட்டிருக்கிறேன், இரவில் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி,
கல்லடிப் பாலத்தடிக் கடை