பட்டியல் விலை ரூ.1,000, கையில் நிற்பது ரூ.557.95: கடலூர் விநியோகஸ்தர் விலைச் சரிவுக் கணக்கு

பொருள்: 110 மி.மீ. பி.வி.சி. கழிவுநீர்க் குழாய், 6 மீட்டர் லென்த்
காலம்: ஜூலை–செப்டம்பர் 2025, 6 லாரி, 1,680 லென்த்
பெறுநர்: விற்பனைப் பிரிவு, டெஸ்பாட்ச்

எல்லாத் தொகையும் ஒரு லென்த்துக்கு, ஜி.எஸ்.டி. சேர்க்காமல்.

| படி | கழிவு (ரூ.) | மிச்சம் (ரூ.) |
|---|---|---|
| பட்டியல் விலை | – | 1,000.00 |
| டிரேட் டிஸ்கவுண்ட் 32% | 320.00 | 680.00 |
| அளவுக் கழிவு 3% | 20.40 | 659.60 |
| பில் விலை | | 659.60 |
| கேஷ் டிஸ்கவுண்ட் 2% | 13.19 | 646.41 |
| காலாண்டு ரிபேட், பில் விலையில் 2.5% | 16.49 | 629.92 |
| பில்டர் சைட் சிறப்பு விலை | 9.00 | 620.92 |
| லாரி வாடகை | 50.00 | 570.92 |
| இரண்டாவது இறக்குமிடம் | 3.57 | 567.35 |
| உடைசல், திரும்பிய சரக்கு | 4.20 | 563.15 |
| பில் விலைக்கு 24 நாள் வட்டி (ஆண்டுக்கு 12%) | 5.20 | 557.95 |
| கையில் நிற்பது | | 557.95 |

நம் அடக்கவிலை ரூ.520. பில்லை மட்டும் பார்த்தால் லென்த்துக்கு ரூ.139.60 கிடைப்பதுபோல் தெரியும், உண்மையில் ரூ.37.95தான். நடுவில் போன ரூ.101.65 எந்தப் பில்லிலும் இல்லை. ஒரு பகுதி கிரெடிட் நோட்டில், மீதி லாரிக்காரர் ரசீதிலும் வங்கி வட்டியிலும் சிதறிக் கிடக்கிறது. டிரேட் டிஸ்கவுண்டுக்காக மணிக்கணக்கில் பேரம் பேசுகிறோம். அதற்குக் கீழே போவதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

பெரிய ஓட்டை லாரி வாடகை. கோயம்புத்தூரிலிருந்து கடலூருக்கு ஒரு லாரி ரூ.14,000. குழாய்க்கு எடை பிரச்சினையில்லை, இடம்தான் பிரச்சினை. 400 லென்த் அடுக்கினால் லாரி நிறையும். அப்போது வாடகை லென்த்துக்கு ரூ.35. இந்தக் காலாண்டில் சராசரியாக 280 லென்த்தான் ஏறியது, அதனால் ரூ.50. மீதி இடத்தில் காற்றைத்தான் ஏற்றி அனுப்பினோம்.

அதற்குக் காரணம் நம் ஸ்கீம்தான். அளவுக் கழிவை மாத மொத்தம் 500 லென்த் தாண்டினால் தருகிறோம். மாதம் இரண்டு லாரியில் 280, 280 எடுத்தாலே 560 ஆகிவிடும். முதுநகர் கிடங்கில் ரேக் காலியானதும் போன் போட்டு அரை லாரி கேட்பது விநியோகஸ்தருக்கு வசதி, 3% குறையப்போவதில்லை. ஆக, லாரியை நிறைப்பதற்கென்று தரும் ரூ.20.40, லாரியை நிறைக்காமலே போய்ச் சேர்கிறது. கழிவை லாரிக்கு லாரி கணக்கிட வேண்டும்: ஒரு லோடில் 400 ஏறினால் 3%, குறைந்தால் இல்லை.

75 மி.மீ. குழாயை 110-க்குள் செருகி அனுப்பினால் அதற்குத் தனி இடம் வேண்டாம். இந்தக் கணக்கில் வாடகை முழுவதையும் 110 மேல்தான் போட்டிருக்கிறோம். ஆகவே 75-இன் லாபத்தை இந்த அட்டவணையோடு ஒப்பிட வேண்டாம். செருகும்போது சாக்கெட் முனைகளை மாற்றி மாற்றி வைக்கவும். ஒரே பக்கம் வைத்தால் அடுக்கு சரிந்து, கயிறு இறுகும் இடத்தில் சாக்கெட் வாய் நெளியும். ரூ.4.20 உடைசலில் பெரும்பங்கு அப்படி நெளிந்த வாய்தான்.

அடுத்தது கேஷ் டிஸ்கவுண்ட். நிபந்தனை 7 நாள். பணம் வந்தது சராசரியாக 24-ஆம் நாள். ஆனால் 2% கழித்துக்கொண்டே செக் வருகிறது, நாமும் வரவு வைத்துவிடுகிறோம். கழிவும் தந்து வட்டியும் சுமப்பது ஒரே பில்லுக்கு இரண்டு தண்டம். இனி இந்தக் கழிவை கிரெடிட் நோட்டாக மட்டுமே தர வேண்டும், அதுவும் வங்கியில் பணம் ஏறிய தேதியைப் பார்த்த பிறகு. செக் வாங்கிய தேதி செல்லாது.

ஆறு லாரிகளில் நான்கு, கடலூரில் பாதி இறக்கிவிட்டு வில்லியனூர் கிடங்குக்குப் போயின. இதற்காக லாரிக்கு லாரிக்காரர் கேட்கும் ரூ.1,500 நியாயமே. வில்லியனூர் இருக்கும் புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால் அந்தச் சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. பில்லும் ஈ-வே பில்லும் தனியாக வேண்டும், மதிப்பு ரூ.50,000 தாண்டினால் ஈ-வே பில் இல்லாமல் எல்லை கடக்கக் கூடாது. பில் தாமதமாகி லாரி காத்திருந்தால் அந்த வாடகையும் அட்டவணையின் இரண்டாவது இறக்குமிடம் என்ற படியில்தான் ஏறும்.

பில்டர் சைட் விலை: ஐந்தில் ஒரு லென்த்துக்கு ரூ.45 கொடுத்ததன் சராசரி. சரக்கு சைட்டுக்குப் போனதற்கு டெலிவரி சலான் இல்லாமல் இனி ஒப்புதல் கிடையாது. ரிபேட் பேசி முடித்தது, அதைத் தொட வேண்டாம்.

விநியோகஸ்தர் இப்போது கேட்பது டிரேட் டிஸ்கவுண்ட் 33%. ஒரு சதவீதம்தானே என்று பில்லில் எழுதினால், கீழ்ப்படிகளின் கழிவும் குறைந்தது போக லென்த்துக்கு ரூ.9.19 போகும்: ரூ.37.95-இல் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அதற்குப் பதில், லாரி நிறைந்தால் மிச்சமாகும் ரூ.15-இல் ரூ.5-ஐ முழு லோடு ஊக்கத்தொகையாக அவருக்கே தரலாம். அக்டோபர் மழைக்குக் கட்டட வேலை மந்தமாகும் முன் இதைப் பேசி முடிக்கவும். மழை தொடங்கினால் 400 எடுக்க அவருக்கும் கிடங்கில் சரக்கு நகராது.