தோசை ஒட்டினா மாவையா திட்டுறது, கல்லையா? ரெண்டு கடையும் சேர்ந்து பதில் சொல்றோம்

வடவள்ளி, மருதமலை ரோடு பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க.

வெண்மல்லி மாவுக்கடைக்கு வர்றவங்க, "மாவு சரியில்லைங்க, தோசை ஒட்டுது"ன்னு சொல்லுவாங்க. நாலு கடை தள்ளி இருக்கிற மூணுபடி பாத்திரக்கடைக்கு வர்றவங்க, "கல்லு சரியில்லைங்க, தோசை ஒட்டுது"ன்னு சொல்லுவாங்க. பல சமயம் ரெண்டு கடைக்கும் வர்றது ஒரே வீட்டு ஆளுங்கதான். அதனால நவம்பர் 14 சனிக்கிழமையில இருந்து 29 ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரெண்டு கடையும் ஒண்ணா நிக்கிறோம்.

முதல்ல இலவசமா கிடைக்கிறதைச் சொல்லிடறோம்.

பழைய கல்லைக் கொண்டு வாங்க, பழக்கித் தர்றோம். இந்த மூணு வாரமும் சனி, ஞாயிறு காலையில 7 மணியில இருந்து 11 மணி வரைக்கும், பாத்திரக்கடை வாசல்ல. காசு கிடையாது, எங்க கடையில வாங்கின கல்லா இருக்கணும்னும் இல்லை. துரு ஏறினது, சப்பாத்தி போட்டுப் போட்டுக் காஞ்சு போனது, எண்ணெய் கெட்டியாப் படிஞ்சு பிசுபிசுன்னு ஆனது எல்லாத்தையும் கொண்டு வரலாம். தேய்ச்சு, காய வெச்சு, எண்ணெய் ஏத்தி, அங்கேயே ரெண்டு தோசை ஊத்திக் காட்டித்தான் கையில குடுப்போம். கூடவே கால் கிலோ மாவு, மாவுக்கடை சார்பா. ஒரு கல்லுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு 15 கல்தான் முடியும், காலையில 6.30க்கு டோக்கன் தருவோம், வீட்டுக்கு ஒண்ணு. விரிசல் விட்ட கல்லையும், நான்ஸ்டிக் தவாவையும் எடுக்க மாட்டோம். நான்ஸ்டிக்ல பூச்சு உரிஞ்சா உரிஞ்சதுதான், அதைப் பழக்க முடியாது.

புதுக் கல் வாங்கினா ரெண்டு கிலோ மாவு. 12 இஞ்ச் வார்ப்பிரும்புக் கல் 850 ரூபாய், 10 இஞ்ச் 650. எது வாங்கினாலும் ஒரு கிலோ மாவுக்கான சீட்டு ரெண்டு தருவோம். ஒண்ணு அன்னைக்கே, இன்னொண்ணு அடுத்த வாரத்துக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்த முடியாது, காரணம் இருக்கு. புதுக் கல்லுல முதல்ல ஊத்துற நாலஞ்சு தோசை கல்லுக்குத்தான், வாய்க்கு இல்லை. ஒரு வாரம் பழகினதுக்கு அப்புறம் ஊத்துற மாவுதான் வீட்டுல சாப்பிடுறதுக்கு. கைவலி இருக்கிறவங்க, வயசானவங்க 10 இஞ்சே வாங்குங்க. 12 இஞ்ச் கிட்டத்தட்ட மூணு கிலோ இருக்கும், தினமும் தூக்கிக் கழுவணும்.

மாவு பில் 10 சேர்த்தா கல்லுல 150 ரூபாய் குறைவு. ஒரு கிலோ மாவு 55 ரூபாய். இந்த 16 நாள்ல வாங்கின ஒரு கிலோ பில் 10 இருந்தா போதும். ரெண்டு வீடு, ஒரே அபார்ட்மெண்ட் ஆளுங்க பில்லைச் சேர்த்துக்கிட்டு வந்தாலும் சரி. ஆனா இதையும் ரெண்டு கிலோ சீட்டையும் ஒரே கல்லுக்குச் சேர்த்துத் தர மாட்டோம், கட்டுபடி ஆகாது. மொத்தம் 60 கல் இறக்கியிருக்கோம். தீர்ந்துட்டா பில் வீணாகாது, டிசம்பர் 15க்குள்ள அடுத்த லோடுல கழிச்சுக்கலாம்.

குலுக்கல், லக்கி டிரா எதுவும் கிடையாதுங்க. சொன்னபடி வர்ற எல்லாருக்கும் உண்டு. ஃபோன் நம்பர், பேரு எழுதி வாங்க மாட்டோம்.

இனி கேள்விக்கு வர்றோம். ஒட்டுறதுக்கு மாவு காரணமா இருக்கிறதும் உண்டு, கல் காரணமா இருக்கிறதும் உண்டு. ஆனா நாங்க பார்த்த வரைக்கும் சூடுதான் முதல் காரணம். மிதமான தீயில கல்லை நாலஞ்சு நிமிஷம் காய விட்டு, கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க. தண்ணி சும்மா நின்னு மெதுவா ஆவியானா சூடு பத்தலை, இப்ப ஊத்தினா அடியில ஒட்டும். முத்து முத்தா உருண்டு ஓடினா சூடு அதிகம், கரண்டியோட மாவும் சுருண்டு வரும். "சுர்"ருன்னு சத்தம் போட்டு உடனே காஞ்சா அதுதான் பதம். சூடு ஏறிப் போச்சுன்னா தீயைக் குறைச்சுட்டு, ஈரத்துணியால ஒரு துடை துடைச்சிட்டு ஊத்துங்க. துடைக்கலாமே தவிர, கொதிக்கிற கல்லுல சொம்புத் தண்ணியைக் கொட்டாதீங்க. வார்ப்பிரும்பு விரிசல் விட்டுடும்.

அடுத்தது எண்ணெய். ஒட்டுதேன்னு பயந்து ஊத்துறதுக்கு முன்னாடியே ஒரு கரண்டி எண்ணெய் விடுவாங்க. அப்ப மாவு கல்லைப் பிடிக்காம வழுக்கி, வட்டமே வராது. பாதி வெங்காயத்தை எண்ணெயில தொட்டு ஒரு தேய் தேய்ச்சா போதும். சுத்தி விடுற எண்ணெய் மாவு ஊத்தினதுக்கு அப்புறம்தான்.

மாவுப் பக்கம்: ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த ஜில்லு மாவை நேரா ஊத்தினா கல்லோட சூட்டை இழுத்துடும். வேணுங்கிற அளவை மட்டும் அரை மணி நேரம் முன்னாடியே எடுத்து வெளிய வைங்க. எங்க மாவு இட்லிப் பதத்துலதான் இருக்கும், நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், சோடா கிடையாது. தோசைக்கு ஒரு கிலோவுக்கு 100ல இருந்து 150 மில்லி வரைக்கும் தண்ணி சேர்த்துக் கரைங்க. இந்த மழை நாள்ல புளிக்க நேரம் எடுக்கும். அன்னைக்கு அரைச்ச பாக்கெட்னா பாத்திரத்துல மாத்தி, நாலஞ்சு மணி நேரம் வெளிய வெச்சுட்டு அப்புறம் ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க. பாதிப் பாத்திரத்துக்கு மேல ஊத்தாதீங்க, பொங்கி வழியும். பாக்கெட் உப்பியிருந்தா பயப்பட வேண்டாம், அது புளிக்கிற காத்து. ஆனா அரைச்ச தேதியைப் பார்த்து வாங்குங்க, எங்ககிட்டயும் சரி, வேற எங்கயும் சரி.

புதுக் கல் வாங்கிட்டுப் போறவங்களுக்கு: முதல் தடவை மட்டும் சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க, பட்டறை எண்ணெய் போகணும். ராத்திரி கஞ்சித்தண்ணியிலயோ அரிசி கழுவின தண்ணியிலயோ ஊற வைங்க. காலையில தேங்காய் நாரால தேய்ச்சு, துடைச்சு, உடனே அடுப்புல வெச்சு ஈரம் போகக் காய விடுங்க. "தானா காயும்"னு கவுத்து வெச்சா சாயங்காலமே செம்மண் நிறத்துல துரு வந்து நிக்கும். நல்லெண்ணெயை மெல்லிசாத் தடவி, சிறு தீயில புகை லேசா வர்ற வரைக்கும் வெச்சு, ஆற விட்டு, மிச்ச எண்ணெயைத் துணியால துடைச்சு எடுத்துடுங்க. இதே மாதிரி மூணு தடவை. எண்ணெயை நிறைய ஊத்தினா சீக்கிரம் பழகும்னு நினைக்காதீங்க, அது பசை மாதிரி படிஞ்சு அதுலயே தோசை ஒட்டும். முதல்ல ரெண்டு மூணு கனமான ஊத்தப்பம் ஊத்திட்டு, அப்புறம் தோசைக்குப் போங்க. இண்டக்‌ஷன் அடுப்புன்னா அடி தட்டையா இருக்கிற கல்லாக் கேட்டு வாங்குங்க. கண்ணாடி மேல இழுக்காம தூக்கி வைங்க, சூட்டைப் படிப்படியா ஏத்துங்க.

சப்பாத்திக்குத் தனிக்கல் வெச்சுக்கோங்க. இதுல எங்க ரெண்டு கடைக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. (பாத்திரக்கடைக்கு அதுல ஒரு கல் கூட விக்கும்ங்கிறதும் உண்மைதான்.)

மாவுக்கடை காலையில 6 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும் திறப்போம். பாத்திரக்கடை 9.30ல இருந்து ராத்திரி 8.30 வரைக்கும், பழைய கல்லைப் பழக்கித் தர்ற சனி, ஞாயிறு மட்டும் காலையில 6.30க்கே. கல்லைப் பழைய துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க, வண்டியில வந்தா சீட்டு கறை ஆகாது. மாவுக்குத் தூக்குப் பாத்திரம் கொண்டு வர்றவங்களுக்கு கிலோவுக்கு 2 ரூபாய் கழிவு. இது நவம்பர் மட்டும் இல்லை, எப்பவும் உண்டு.