ஒண்ணாந்தேதியிலேந்து

ஊர் மீட்டிங்ல தீர்மான நோட்டு எழுதுறது நான்தான், கையெழுத்து நல்லா இருக்கும்னு பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி யாரோ சொன்னதோட வெனை. அன்னைக்கு ஏரிக்கரையில 40 குடும்பமும் வந்து உக்காந்துடுச்சு. ஏரி பாதிக்குக் கீழ போயிடுச்சு, அறுப்புக்கு இன்னும் 60 நாள் இருக்கு.

ரிட்டையர்டு வாத்தியார் எந்திரிச்சு கணக்கு போட்டார். "ஆளுக்கு தினம் ரெண்டு மணி நேரம் மோட்டார் போட்டா தண்ணி 60 நாள் தாங்கும். இப்ப எல்லாரும் நாலு மணி நேரம் போடுறீங்க, 30 நாள்தான்". யாரும் மறுக்கல, அதான் கொடுமையே, எல்லாருக்கும் தெரியும்.

"சரி வாத்தியாரே, நான் ரெண்டு மணி நேரத்தோட நிறுத்துறேன், பக்கத்து வயல்காரன் நிறுத்துவானா?"ன்னு கீழத்தெரு பெரியப்பா கேட்டார். பக்கத்து வயல்காரர் உடனே "நீங்க மொதல்ல நிறுத்துங்கண்ணே"ன்னார். இப்படியே ஒரு மணி நேரம் ஓடுச்சு.

வாத்தியாருக்கு கோவம் வந்துடுச்சு. "ஒரு மணி நேரம் கூடுதலா ஓட்டுனா அந்தத் தண்ணி முழுசும் உன் வயலுக்கு, ஏரியில கொறையறது மட்டும் 40 பேர் தலையிலயும் பங்கு, அதனாலதான்டா ஒருத்தனுக்கும் உறைக்கல!" பின்னாடி ஒரு அக்கா மெதுவா, "உங்க மோட்டாரும் விடியக்காலையில கத்துதே வாத்தியாரே"ன்னாங்க. அவர் உக்காந்துட்டார்.

கடைசியா தலைவர் முடிச்சு வச்சார். ஆளுக்கு ரெண்டு மணி நேரம், மீறுனா அபராதம், நைட்ல கரையில காவலுக்கு ஆள். ஆனா காவலுக்கு ஆள் ஏற்பாடு பண்ண டைம் வேணும், அதனால வர்ற ஒண்ணாந்தேதியிலேந்து அமல். அன்னைக்கு தேதி 24. நான் எழுதுனேன், 40 பேரும் கையெழுத்து போட்டாங்க, சண்டையில்லாம முடிஞ்சதுன்னு எல்லாருக்கும் ஒரு நிம்மதி. தேதிய எழுதும்போதே எனக்கு உறுத்துச்சு, சொல்லியிருக்கலாம், சொல்லல, ஏன்னா என் வயலும் காஞ்சுதான் கெடந்துச்சு.

அன்னைக்கு நைட்டே ஏரியச் சுத்தி சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. ரூல் வர்றதுக்குள்ள எடுத்துக்கிட்டா தப்பில்லைன்னு நாலு மணி நேரம் எட்டாச்சு, எட்டு ராப்பகல்னு ஆச்சு. மூணு நாள் பொறுத்துப் பாத்தேன். நாலாவது நாள் நானும் மோட்டார தூக்கிட்டுப் போனேன்.

30ஆம் தேதி ராத்திரி டார்ச் அடிக்காம உள்ள எறங்குனா, முழங்கால் சேத்துல பெரியப்பா ஏற்கனவே நிக்கிறார். ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கல.

"நோட்டு பத்திரமா இருக்காப்பா?"

"இருக்கு பெரியப்பா".

"சரி, இந்த ஹோஸ கொஞ்சம் பள்ளமா பாத்துப் பிடி, சேத்த இழுக்குது".