பத்தர் ஐயாவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

கும்பகோணம்,
தீபாவளிக்கு மறுநாள்

பத்தர் ஐயாவுக்கு வணக்கம்.

மாமியாரின் இரட்டை வடச் சங்கிலி பண்டிகைக்கு முந்தின நாள் அறுந்தபோது, வேறொரு கடையில் உருக்கிப் புதுசாகச் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். நீங்கள்தான் கடை சாத்தும் நேரத்தில் மறுபடி உட்கார்ந்து, தேய்ந்த நான்கு கண்ணிகளை மட்டும் மாற்றிப் பற்றவைத்தீர்கள். எந்த இடம் என்று எனக்கே இப்போது தெரியவில்லை. கழற்றிய பழைய கண்ணிகளையும் எடை போட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தீர்களே, அதைத்தான் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, அதைப் போட்டுக்கொண்டுதான் சாமி கும்பிட்டார். ரொம்ப நன்றி ஐயா.

கூலி மட்டும் குறைவாக வாங்கிக்கொண்டீர்கள், அது சரியில்லை. தம்பியிடம் அதிரசமும் முறுக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தூக்குச்சட்டி மெதுவாக வந்தால் போதும்.

இப்படிக்கு,
மேலத்தெரு டீச்சர் வீட்டு மருமகள்